மேஸ்திரியின் வாயில் திணித்த பேச்சு

தலைமன்னார்ப் பியரில், கப்பல் வந்து அடையும் அந்தத் துறைமேடையில், நான் சுங்கக் கந்தோரில் அலுவலக எழுத்தராக இருந்த காலத்தில் ஒரு கொப்பி வைத்திருந்தேன். இடது பக்கத்தில் தேதி, கிழமை, காற்றுத் திசை. வலது பக்கத்தில் அன்று காதில் விழுந்த பேச்சு. யார் சொன்னது, யாரிடம் சொன்னது, கேட்டவர் "என்ன?" என்று திருப்பிக் கேட்டாரா இல்லையா. கடைசி விபரம்தான் எனக்கு முக்கியம். திருப்பிக் கேட்டிருந்தால் ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பேன்.

ஏன் இப்படி ஒரு வேலை என்று அப்போதே பலர் கேட்டார்கள். அந்தப் பியரில் ஒரு நாள் நின்றவருக்கு அந்தக் கேள்வி வந்திராது. கொழும்பிலிருந்து றெயில் வந்து நிற்கும். தனுஷ்கோடிக் கப்பல் வந்து நிற்கும். இரண்டுக்கும் இடையில் உள்ள பலகைத் தரையில் யாழ்ப்பாணத்து றெயில்வேக் கிளாக்கர், முசலிக் கரையிலிருந்து கருவாடும் சங்கும் கொண்டுவந்த முஸ்லிம் வியாபாரி, தலைமன்னார் மீன்காரி, மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து ஊருக்குப் போகிற இராமநாதபுரத்துக் கூலிக் குடும்பம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். எல்லாம் தமிழ். ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காமல் ஒரு வேலை நின்றதை நான் கண்டதில்லை. விளங்காத சொல் வந்தால் எதிரில் நிற்பவர் தன் சொல்லால் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பார். முதலில் பேசியவர் தலையை ஆட்டுவார். மூட்டை நகரும்.

இதைத்தான் நான் நாடகமாக எழுதினேன். இரண்டாம் மகா யுத்தத்துக்கு முந்திய வருடம் ஒன்றின் மாசியில் தொடங்கி வைகாசியில் முடித்தேன். பெயர் 'கப்பல் அசையாத நாள்'. சோளகக் காற்று பலத்து அடிக்கிறது, கப்பல் புறப்படவில்லை. பியரில் நாலு பேர் காத்திருக்கிறார்கள். தோட்டத்திலிருந்து திரும்பும் ஒரு தொழிலாளியின் பயணக் கடுதாசியில் அவனுடைய மனைவியின் பெயரும் இருக்கிறது. அவள் இறந்துவிட்டாள். கடுதாசியில் இரண்டு பேர், நேரில் ஒருவன். பொருந்தவில்லை என்று கிளாக்கர் நிறுத்திவைக்கிறார். வியாபாரியும் மீன்காரியும் அவனுக்காகப் பேசுகிறார்கள். கதை அவ்வளவுதான்.

பேச்சு எழுதுவதில் சில கட்டுப்பாடுகளை எனக்கு நானே போட்டிருந்தேன். ஒவ்வொருவருடைய வினைச்சொல்லின் முடிவும், மரியாதைச் சொல்லும், மூச்சு நிற்கும் இடமும் அவரவருடையதாகவே இருக்கவேண்டும். ஆள் யார் என்று காதுக்குச் சொல்வது அவைதான்; அவற்றால் பொருள் மறைவதில்லை. மறைப்பது அந்தந்த இடத்துப் பொருட்பெயர்களே. அவற்றில் ஒரு பேச்சுக்கு ஒன்றுக்கு மேல் வரக்கூடாது. வந்த ஒன்றும் அடுத்தவருடைய பதிலில் வெளிச்சத்துக்கு வந்துவிடவேண்டும்.

மீன்காரி, "சோளகம் தூக்கிட்டுது. கப்பல் இண்டைக்கு அசையாது" என்பாள். வியாபாரி, "ஓம், தெக்கால இருந்து என்னா அடி அடிக்குது இந்தக் காத்து" என்பார். தொழிலாளி, மனைவியைப் பற்றி, "பேரட்டுக் களத்துலயே மயங்கி விழுந்துட்டாங்க" என்பான். கிளாக்கர் "அதென்ன பேரட்டு?" என்று கேட்பார். "விடியக்காலம் தப்பு அடிச்சதும் வரிசையா நின்னு பேரு குடுக்குற எடமுங்க" என்று பதில் வரும். வியாபாரி "அவர்ட பொஞ்சாதி மவுத்தாயிட்டா எண்டுதானே சொல்றார்" என்றதும், மீன்காரி "ஐயோ, செத்துப்போனாளா? எத்தினை நாளப்பா?" என்று கேட்பாள். எந்தச் சனமும் வெளியே நிற்காது. யாரும் தன் பேச்சைக் கழற்றி வைக்கவும் வேண்டியதில்லை.

எழுதி முடித்த ஒவ்வொரு பக்கத்தையும் அந்தப் பேச்சுக்கு உரியவர் அல்லாத ஒருவருக்கு வாசித்துக் காட்டினேன். வியாபாரியின் பேச்சை மீனவருக்கு, மீன்காரியின் பேச்சைத் தோட்டத்து ஆளுக்கு. "என்ன?" வந்த இடத்தில் புள்ளி வைத்து மாற்றினேன். சில வரிகள் ஒன்பது தரம் மாறின.

நடிப்பதற்கு வெளியில் ஆள் தேடவில்லை. கிளாக்கராக நடித்தவர் ஸ்டேசனில் டிக்கற் கொடுக்கும் கிளாக்கர், வட்டுக்கோட்டைப் பக்கத்தவர். வியாபாரியாக மறிச்சுக்கட்டியிலிருந்து வந்துபோகும் சங்கு வியாபாரி ஒருவர். எல்லாரும் அவரை நானா என்போம். மீன்காரியாக நடித்தவர் தலைமன்னார் மீனவர். மீசையை எடுக்கமாட்டேன் என்று கடைசிவரை நின்றவர். "முக்காட்டை இழுத்து விட்டால் மீசை ஆருக்குத் தெரியும்?" என்பார். நானா, "மீசையோட ஒரு கிழவியை நான் மன்னார்ச் சந்தையில கண்டிருக்கன், பயப்படாத" என்று தைரியம் சொல்வார்.

தொழிலாளியாக நடிக்கச் சம்மதித்தவர் பியரில் மூட்டை இறக்கும் கூட்டத்தின் மேஸ்திரி. அவர் இராமநாதபுரத்துக்காரர். தோட்டத்தில் சில வருடம் இருந்து இறங்கியவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு முறை கேட்டால் போதும், கப்பல் சரக்குப் பட்டியலை அப்படியே திருப்பிச் சொல்வார். சம்மதிக்க அவர் ஒரு கிழமை எடுத்தார். ஒரு வியாழக்கிழமை கந்தோர் வாசலில் வந்து நின்று சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

"ஐயா, நா வாறேங்க. ஆனா ஒண்ணு. எங்க ஆளுக அம்புட்டு பேரும் பாக்க வருவாக. மேடையில எங்கள மாதிரி ஆளு வந்தாலே சனம் சிரிக்கத்தான் செய்யும். இதுவரைக்கும் பாத்த நாடகத்துல எல்லாம் அப்பிடித்தான். என்னைய வச்சு அவுக சிரிச்சா, மறுநாளு நா எந்த மூஞ்சிய வச்சுகிட்டு அவுகள வேலை வாங்குறது?"

"சிரிக்க இதில் ஒன்றும் இல்லை, மேஸ்திரி" என்றேன்.

"ஐயா சொன்னா சரிங்க."

அந்த வாக்கை நான் கொடுத்தேன். இதை முதலில் எழுதிவிட்டே மற்றதை எழுதவேண்டும்.

நாடகத்தை மேடையேற்றப் பணமும் மண்டபமும் மன்னாரில் இருந்த ஒரு கழகத்தின் கையில் இருந்தன. அதன் தலைவர் ஓய்வு பெற்ற ஒரு பண்டிதர். அவர் படித்தவர் என்பதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் இல்லை. ஆனியில் என்னை மூன்று கிழமைக்கு மன்னார் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்துக்குப் பழைய பத்திரங்களை ஒழுங்குபடுத்த அனுப்பினார்கள். வைகாசியிலேயே நாலு பேருக்கும் அவரவர் பேச்சை வாயால் சொல்லிக் கொடுத்திருந்தேன்; போகுமுன் என் மூலப் பிரதியைப் பண்டிதரிடம் கொடுத்தேன். அவர் வாசித்து, ஒவ்வொரு நடிகருக்கும் அவரவர் பேச்சை மட்டும் தனியே எழுதிய ஆட்கொப்பியைக் கழகத்து நாடக வாத்தியாரைக் கொண்டு தயாரிப்பிப்பது வழக்கம். ஆட்கொப்பியில் முந்தியவருடைய கடைசி இரண்டு மூன்று சொற்கள் மட்டும் இருக்கும், அதைக் கேட்டதும் தன் பேச்சைத் தொடங்க. முழு நாடகத்தையும் ஒருவரும் காணமாட்டார். எல்லாரும் சேர்ந்து நடித்துப் பார்க்கும் வெள்ளுடுப்பு அன்றுதான் துண்டுகள் ஒட்டும். இந்த வழக்கத்தில் எவ்வளவு அநியாயத்தை ஒளித்து வைக்கலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது.

மன்னாரில் இருந்தும், பிரதி வாசிக்கிறவரைத் தொந்தரவு செய்யக்கூடாதென்று பண்டிதர் வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. திரும்பி வந்தது ஒரு புதன்கிழமை. மேஸ்திரி என்னைக் கண்டும் காணாதவர் போல மூட்டை அடுக்குக்குப் பின்னால் போனார். மறுநாளும் அப்படியே. வெள்ளுடுப்புக்கு இரண்டு நாள் இருந்தது. நானே போய் மறித்தேன்.

"என்ன மேஸ்திரி, கோபமோ?"

"கோவமெல்லாம் இல்லீங்க. ஐயா படிச்சவுக. ஐயா எழுதுனத நா பேசிட்டுப் போறேன்."

"எங்கே, ஒரு துண்டு பேசும் பார்ப்பம்."

அவர் கடலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "சாமியோவ்! நான் கூலிங்கோ சாமி! பொண்டாட்டி பூட்டாளுங்கோ சாமி!"

எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. அது இராமநாதபுரமும் இல்லை, மலைநாடும் இல்லை. சென்னையில் ஒரு துண்டு, கோயம்புத்தூரில் ஒரு துண்டு, சுற்றி வரும் நாடகக் கொம்பனிப் பபூனிடம் ஒரு துண்டு எடுத்து யாரோ தைத்த கந்தல்.

"இது நான் எழுதினது இல்லை."

"ஐயா எழுதுனதுன்னுதான வாத்தியாரு வந்து சொல்லிக் குடுத்தாரு. மூணு புதங்கெழமை வந்தாரு. எங்க ஊர்ல எவனும் இப்பிடிப் பேசமாட்டான்னு சொன்னேன். பண்டிதரய்யாவும் ஐயாவும் சேந்து முடிவு பண்ணுனதுன்னுட்டாரு."

அவர் அந்த மூன்று கிழமையும் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்பதை எண்ண இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது.

வெள்ளிக்கிழமை காலை றெயிலில் மன்னாருக்குப் போனேன். பண்டிதர் வீட்டு முற்றத்தில் கழுதை இரண்டு நின்று வேலிக் கிடுகைத் தின்றுகொண்டிருந்தன. அவர் அவற்றை விரட்ட எழும்பாமல் கதிரையில் இருந்தபடியே என் மூலப் பிரதியை எடுத்துத் தந்தார். சிவப்பு மையால் நிறைந்திருந்தது. ஓரமெங்கும் 'கூ.கூ.' என்று இரண்டு எழுத்து.

"இதென்ன, ஐயா?"

"கூறியது கூறல். நூலுக்கு உரிய குற்றங்களில் ஒன்று. ஒருவன் சோளகம் எண்டு சொன்ன பிறகு மற்றவன் தெற்குக் காற்று எண்டு ஏன் சொல்லவேணும்? ஒருவன் மவுத்து எண்டால் மற்றவள் சாவு எண்டு ஏன் திருப்பவேணும்? நீர் வாசிக்கிற ஆள். இது உமக்குத் தெரியாதோ?"

ஒவ்வொரு விளக்கப் பதிலையும் அவர் வெட்டியிருந்தார். கச்சிதமாக, ஒன்றையும் தவறவிடாமல். சபைக்கு வாசல் திறக்கிற வரிகளை எல்லாம் பார்த்துப் பார்த்து அடைத்திருந்தார். எழுதிய நூலை ஒருவன் திரும்பவும் வாசிக்கலாம். மேடையில் சொன்ன சொல்லைத் திரும்பவும் கேட்க முடியாது. இந்தச் சிறிய வேறுபாடு அவ்வளவு பெரிய படிப்புக்குள் அகப்படவில்லை.

"அது குற்றம் இல்லை, ஐயா. அது இல்லாவிட்டால் சனத்துக்கு விளங்காது."

"விளங்கத்தான் நான் வழி செய்திருக்கிறன். கிளாக்கருக்குச் செந்தமிழ் கொடுத்திருக்கிறன். அது எல்லாருக்கும் பொது. கூலிக்கு ஒரு சிரிப்பு வேணும், கொடுத்திருக்கிறன். வியாபாரிக்கும் அப்படித்தான்."

வியாபாரியின் பக்கத்தைப் புரட்டினேன். 'நம்பள் சொல்றான், நிம்பள் கேக்றான்' என்று இருந்தது. வடக்கே எங்கிருந்தோ வட்டிக்குக் கொடுக்க வந்தவனுக்கு நாடகக்காரர் வைக்கும் பேச்சு. இதை, தாயின் வயிற்றிலிருந்தே தமிழ் கேட்டுப் பிறந்த ஒரு முசலிக் கரை மனிதனின் வாயில் வைத்திருந்தார்.

"ஐயா, அவர் வீட்டிலும் வெளியிலும் தமிழே பேசுகிறவர். நீங்கள் சந்தையில் அவரோடு பேசியிருக்கிறீர்கள்தானே?"

"சந்தை வேறு, மேடை வேறு. நீர் ஆளுக்கு ஒரு ஊர்ப் பேச்சைக் கொடுத்தால் அரசாங்க ஏஜண்டர் துரையோடு பார்க்க வருகிற கச்சேரி ஆட்கள் என்ன நினைப்பினம்? சரி, நாளைக்கு வெள்ளுடுப்பு. சனம் இருக்கும். எது விளங்குது எண்டு அதுகளே சொல்லட்டும்."

நான் அப்போதே பிரதியைப் பிடுங்கிக்கொண்டு எழுந்திருக்கவேண்டும். எழுந்திருக்கவில்லை. சனம் சொல்லட்டும் என்ற சொல்லில் ஒரு நியாயம் இருப்பதாக எண்ணினேன். அவருடைய வயதும் ஒரு காரணம். இதற்கு என்னை நான் மன்னிக்கவில்லை.

தலைமன்னாருக்குத் திரும்பியதும் மேஸ்திரியிடம் நடந்ததைச் சொன்னேன். ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்ப மொதல்ல எனக்குச் சொல்லிக் குடுத்தீகளே, அது ஐயா எழுதுனது. இது அவுக எழுதுனது. அப்பிடித்தான?"

"அப்படித்தான்."

"சரிங்க."

மூட்டை அடுக்கைப் பார்த்து நடந்தார்.

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குச் சரக்குக் கொட்டகையில் வெள்ளுடுப்பு. முன்னால் நாலு நீள வாங்குகளில் உட்கார்ந்து ஸ்டேசன் ஆட்களும் கந்தோர் ஆட்களும். அவர்களுக்குப் பின்னால் நிலத்தில் மீனவக் குடும்பங்கள். இடப்பக்கம் முசலியிலிருந்தும் எருக்கலம்பிட்டியிலிருந்தும் வந்த வியாபாரிகள். வலப்பக்கச் சுவரோடு மேஸ்திரியின் ஆட்கள், வேலை உடுப்போடு, சாக்குத் தூசியோடு. பண்டிதர் ஓரத்தில் கதிரை போட்டு இருந்தார். அவருடைய வாத்தியார் திரைக்குப் பின்னால் நின்று வரி மறந்தவருக்கு எடுத்துக் கொடுக்க ஆயத்தமாக இருந்தார்.

டிக்கற் கிளாக்கர் முதலில் வந்தார். நல்ல குரல். "அன்பரே! தங்கள் பயணச் சான்றினை யான் காணுமாறு நல்குவீராக!"

நிலத்தில் இருந்த ஒரு மீனவப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "என்னவாம்?" என்றாள்.

"பொறு. பூசை தொடங்கீட்டுது. சாமியார் லத்தீன் ஓதுறார்."

சுற்றி இருந்தவர்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். கிளாக்கர் மேலும் இரண்டு நீண்ட வசனம் பேசி முடிக்குமுன் அவர்கள் மீன் விலையைப் பேசத் தொடங்கிவிட்டார்கள். எல்லாருக்கும் பொதுவான தமிழ் அப்படித்தான் சபையில் போய் விழுந்தது. நான் பண்டிதரைப் பார்த்தேன். அவர் ஆட்கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீன்காரி சோளகம் என்றாள். அடுத்து விளக்கப் பதில் இல்லை, வெட்டுப்பட்டிருந்தது. சுவரோடு நின்றவர்களில் ஒருவர் மற்றவரைப் பார்த்தார். கப்பல் ஏன் நிற்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாமல் போனது.

நானா வந்தார். முதல் வரி 'நம்பள்'. வாயைத் திறந்தார், மூடினார். பிறகு சபையைப் பார்த்துத் தன் சொந்தக் குரலில் சொன்னார்:

"வாத்தியார் எனக்கு ஒரு பேச்சு எழுதித் தந்தீக்கிறார். எங்கட வாப்பாட வாப்பாக்கும் அது விளங்காது. நான் எனக்குத் தெரிஞ்ச தமிழ்ல பேசுறன், பொறுத்துக்கொள்ளுங்க."

இடப்பக்கம் கை தட்டினார்கள். பண்டிதரின் கால் ஆடத் தொடங்கியது. நானா என் வரிகளை நினைவிலிருந்து பேசிப் பார்த்தார். ஆனால் எதிரில் பேசுகிறவர்கள் புதிய ஆட்கொப்பிப்படி பதில் சொன்னபடியால் அவருடைய பேச்சு அந்தரத்தில் நின்றது.

அதன்பிறகு மேஸ்திரி வந்தார். "சாமியோவ்! நான் கூலிங்கோ சாமி!"

வாங்குகளில் சிரிப்பு எழும்பியது. எதிர்பார்த்த சிரிப்பு, காத்திருந்த சிரிப்பு. சுவரோடு நின்றவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களில் ஒரு வயதானவர் தலையைக் குனிந்து தன் கால்விரல்களைப் பார்த்தார். மேஸ்திரி அதைக் கண்டார். நான் கண்டதையும் கண்டார்.

கடுதாசிக் கட்டம் வந்தது. கிளாக்கர், "இச்சான்றிதழில் இருவர் எனப் பொறிக்கப்பட்டுள்ளதே" என்றார். அதற்குப் பண்டிதர் எழுதிய பதில், "ரெண்டு பேருன்னு இருக்குதா சாமி? அப்போ எனக்கு ரெண்டு சோறு குடுங்கோ!" இந்த இடத்தில்தான் என் நாடகத்தின் உயிர் இருந்தது. அவர் அந்த இடத்தில் சோறு வைத்தார்.

மேஸ்திரி பேசவில்லை. திரைக்குப் பின்னால் வாத்தியார், "ரெண்டு பேருன்னு இருக்குதா சாமி..." என்று எடுத்துக் கொடுத்தார். இரண்டாம் முறை இன்னும் உரக்க. வாங்கில் இருந்தவர்களுக்கே கேட்டது.

"அது வேணாங்க" என்றார் மேஸ்திரி, திரைப் பக்கம் திரும்பி. மரியாதையாகத்தான் சொன்னார். பிறகு கிளாக்கரைப் பார்த்தார்.

"ஐயா, நாங்க ரெண்டு பேருதாங்க வந்தோம். இந்தக் கப்பல் பாலத்துலதான் எறங்குனோம். கடலப் பாத்துப் பயந்துகிட்டு எவ் வேட்டி முனையப் புடிச்சுகிட்டே வந்தா. மேல தோட்டத்துல பேரட்டுக் களத்துலயே விழுந்துட்டா. இப்ப நா ஒத்தையா ஏறணும். கடுதாசியில ரெண்டு பேருன்னு இருக்குங்கிறீக. அது சரிதாங்க. நானும் இன்னம் ரெண்டு பேருன்னுதாங்க நெனச்சுகிட்டிருக்கேன்."

வாங்குகளில் இருந்தவர்கள் முன்னால் சரிந்து கேட்டார்கள்.

டிக்கற் கிளாக்கர் நல்ல மனிதர். ஆட்கொப்பியில் இல்லாததை, வைகாசியில் நான் சொல்லிக் கொடுத்ததை, தன்னுடைய வட்டுக்கோட்டைப் பேச்சில் கேட்டார். "அதென்ன காணும், பேரட்டு?"

மேஸ்திரி சொன்னார். நானா, "பொஞ்சாதி மவுத்தாயிட்டா எண்டுதானே அந்த மனிசன் சொல்றார், கேளுங்களன்" என்றார். மீசைக்கார மீன்காரி வாயைத் திறக்குமுன், நிலத்தில் இருந்த பெண் (சற்று முன் லத்தீன் என்றவள்) எழுந்தே விட்டாள். "ஐயோ, செத்துப்போனாளா? அந்தாளை விடுங்கோவன் ஐயா! கடுதாசி என்ன கடுதாசி!"

ஒருவரும் சிரிக்கவில்லை. சுவரோடு நின்ற முதியவர் தலையை நிமிர்த்தியிருந்தார். மீதிக் காட்சி என் மூலப் பிரதிப்படியே நடந்து முடிந்தது. நாலு ஊர்த் தமிழும் ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு போயின. அந்தக் கொட்டகையில் விளங்காமல் இருந்தவர் யார் என்று நான் தேடினேன். ஒருவரையும் காணவில்லை.

சனம் சொல்லட்டும் என்றார் பண்டிதர். சனம் சொன்னது. அவர் என்ன செய்தார்?

அடுத்த செவ்வாய்க்கிழமை கழகம் கூடியது. பண்டிதர் எழுந்து, உணர்ச்சி இருந்ததை ஒப்புக்கொள்வதாகவும், ஆனால் ஒழுங்கு மீறப்பட்டதாகவும் சொன்னார். வாத்தியார் எடுத்துக் கொடுத்த வரியை நடிகர் சபைக்கு முன்னால் மறுப்பது கழகத்துக்கு அவமானமாம். மன்னார் மண்டபத்தில் மேஸ்திரிக்குப் பதிலாக "கூலிப் பேச்சை நன்றாகப் பேசிக்காட்டக்கூடிய" ஒரு கந்தோர்ப் பிள்ளையை நடிக்க வைப்பதென்றும், நானாவின் இடத்துக்கும் வேறு ஆள் என்றும் தீர்மானித்தார்கள். கூலிப் பேச்சைப் பேசுவதற்குக் கூலி வேலை செய்தவர் போதாதாம்! நான் எழுந்து, நாடகம் என்னுடையது, தரமாட்டேன் என்றேன். பிரதி கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது என்று குறிப்புப் புத்தகத்தை விரித்துக் காட்டினார்கள். ஒப்படைத்த கையெழுத்து என்னுடையதுதான். தேதியும் நானே போட்டது.

டிக்கற் கிளாக்கர் மட்டும் என் பக்கம் பேசினார். "பண்டிதரய்யா, உங்கடை வசனத்தை நான் பேசேக்கை சனம் மீன் விலை பேசினது. அதையும் குறிப்புப் புத்தகத்திலை எழுதுங்கோ" என்றார். எழுதவில்லை. அவரும் விலகினார்.

ஆவணியில் மன்னாரில் நாடகம் நடந்தது. நான் போய்ப் பின்னால் நின்றேன். போகாமல் இருந்திருக்கலாம்; ஆனால் பார்க்காததைப் பற்றி எழுத எனக்குப் பழக்கமில்லை. அந்தக் கந்தோர்ப் பிள்ளை முகத்தில் கரி பூசி, இடுப்பில் சாக்குத் துண்டைக் கட்டி வந்தான். 'ரெண்டு சோறு' என்றதும் மண்டபம் அதிர்ந்தது. யார் யார் சிரித்தார்கள் என்று தெரிந்தவரை கொப்பியில் எழுதினேன். அந்தப் பட்டியலை இங்கே தரவில்லை. அவர்களில் பலர் நல்லவர்கள் என்றும் இரக்கமுள்ளவர்கள் என்றும் எனக்குத் தெரியும். ஒரு மனிதனின் பேச்சைப் பொய்யாக்கிக் கொடுத்தால் நல்லவர்களுக்கும் அவனுடைய துக்கம் தெரியாமல் போகிறது. அதைச் செய்தவர் மீதுதான் என் கோபம், கேட்டவர் மீது இல்லை. என்றாலும் பட்டியலை நான் கிழிக்கவில்லை.

விளம்பரத் தாளில் ஆசிரியர் என்று என் பெயர் அச்சாகியிருந்தது. அதை எடுத்துவிடும்படி முன்பே இரண்டு கடிதம் எழுதியிருந்தேன். பதில் இல்லை.

திங்கட்கிழமை பியருக்குப் போனபோது மேஸ்திரி அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். ஆட்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். முன்னே இருந்தது போலவே அவர் ஒரு சொல் சொன்னால் நாலு பேர் குனிந்தார்கள். ஒருவன் விளையாட்டாக, "அண்ணே, கடுதாசியில ரெண்டு மூட்டைன்னு இருக்கு, ஒண்ணுதான இருக்கு" என்றான். மேஸ்திரி அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். அது வேறு சிரிப்பு.

என்னைக் கண்டதும் வந்தார். "மன்னாரு போயிருந்தீகளாமே."

"போனேன்."

"அந்தக் கடுதாசி எடத்துல சனம் என்னா பண்ணுச்சுங்க?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். "சிரித்தது" என்றேன்.

அவர் தோள் துண்டை உதறி மடித்தார். "அது எங்க நாடகம் இல்லீங்களே ஐயா. நம்ம நாடகம் அந்தச் சனிக்கெழமையோட முடிஞ்சு போச்சு. எங்க ஆளுக பாத்தாச்சு. எனக்குப் போதும்."

அவருக்குப் போதும். எனக்குப் போதவில்லை. அன்று மாலையே கழகத்துக்கு மூன்றாவது கடிதத்தை எழுதினேன்.